ஊர்ப் பாடசாலைக்கு இருமாடிக் கட்டடம்: லண்டனில் சேரும் காசை எப்படி ஒழுங்காக அனுப்புவது?

வடலிக்காணி

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பாடசாலைக்கு (மாகாணப் பாடசாலை) 80 அடிக்கு 25 அடி அளவில் இருமாடிக் கட்டடம் ஒன்று தேவை. கீழே நாலு வகுப்பு, மேலே நாலு வகுப்பு. மொத்தம் 4,000 சதுர அடி. சதுர அடிக்குப் பத்தாயிரம் ரூபா என்று பொறியியலாளர் உத்தேசமாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே நாலு கோடி. கணக்குக்காகப் பவுண் 400 ரூபா என்று எடுத்தால் ஒரு இலட்சம் பவுண்.

பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளையில் எழுபது பேர் 46,000 பவுண் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கையில் வந்தது 11,000. அது இப்போது பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் கிடக்கிறது. மூன்று கேள்விகள்: தொண்டு நிறுவனமாகப் பதிய வேண்டுமா? காசை ஊரில் யாருடைய பெயருக்கு அனுப்புவது? கொடுத்தவர்களுக்கு என்ன அறிக்கை கொடுப்பது?

கணக்குப்புத்தகம்

மூன்று கேள்விக்கும் முன்னால் அந்த 11,000 பவுணைத் தீர்க்க வேண்டும். ஒருவருடைய சொந்தக் கணக்கில் பொதுக்காசு இருந்தால், அவர் நாளை இறந்தால் அது அவருடைய சொத்தோடு கலந்து நிற்கும். விவாகரத்து, கடன் வழக்கு எது வந்தாலும் அதே கதைதான். அவருடைய நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுணுக்கு மேல் போனால் தொண்டு ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்குப் பொருத்தமான வடிவம் சி.ஐ.ஓ. என்ற கூட்டிணைந்த தொண்டு அமைப்பு. அதில் அமைப்புக்கே சட்ட ஆளுமை உண்டு, அமைப்பின் கடன், நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் தலையில் விழாது. பொறுப்பாளர்கள் ஐந்து பேர் போதும். அதில் கணவன் மனைவி, அண்ணன் தம்பி என்று இரண்டு பேர் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கியில் இணையவழிக் கொடுப்பனவுக்கு ஒருவர் பதிய, இன்னொருவர் அனுமதிக்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். காசோலையில் இரண்டு கையெழுத்து என்று யாப்பில் எழுதிவிட்டு, கைப்பேசிச் செயலியில் பொருளாளர் தனியே அனுப்பிக்கொண்டிருக்கும் சங்கங்கள்தான் அதிகம்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று. தொண்டு ஆணைக்குழுவில் பதிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். கிஃப்ட் எய்ட் கோர வரித் திணைக்களத்தில் வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்தால் 100 பவுணுக்கு 25 பவுண் அரசிடமிருந்து வரும். கொடுப்பவர் தன் முழுப் பெயர், வீட்டு முகவரி, தான் வரி கட்டுபவர் என்ற உறுதி ஆகியவற்றைப் படிவத்தில் தர வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் ஏற்கெனவே விழுந்த காசுக்குக் கோரப் போனால் வீண் வில்லங்கம். திருப்பிக் கொடுத்துவிட்டு, சங்கக் கணக்குத் திறந்தபின் அவரவர் கணக்கிலிருந்து மீண்டும் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

பூவரசு

இதுக்கு ஏன் இவ்வளவு சுத்திவளைப்பு? கிஃப்ட் எய்ட் எண்டால் வாற காசு முழுக்க 25 வீதம் கூடும். டின்னர் டிக்கெட், அதிர்ஷ்டச் சீட்டு, கடைக்காரர் தாற விளம்பரக் காசு எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்துப் போட்டால் ஒரு இலட்சம் ஒண்டேகால் ஆகுமே.

இன்னொண்டு. வங்கியால அனுப்பினால் நாணய மாற்றில அடிப்பாங்கள். வங்கிக்கு வெளியால, உண்டியல்காரரிட்டக் குடுத்து அனுப்பினால் அண்டைக்கே ஊரில காசு கையில, விகிதமும் நல்லது.

கணக்குப்புத்தகம்

கூடும் என்பது சரி, முழுக்க என்பது பிழை. கிஃப்ட் எய்ட் என்பது கொடுத்தவர் ஏற்கெனவே கட்டிய வரியைத் திருப்பித் தருவது. கட்டாத வரியை யாரும் திருப்ப முடியாது. ஓய்வூதியத்தில் இருக்கும், வருமான வரிக்கே வராத ஒரு அம்மா 500 பவுண் கொடுத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், நீங்கள் கோரிப் பெற்ற 125 பவுணை அந்த அம்மாவிடம்தான் வரித் திணைக்களம் கேட்கும். இதை அவர் கையெழுத்துப் போடமுன் சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

டின்னர் டிக்கெட் சாப்பாட்டுக்கான விலை, அது நன்கொடை ஆகாது. அதிர்ஷ்டச் சீட்டும் அப்படியே. கடைக்காரரின் கம்பனிக் கணக்கிலிருந்து வரும் காசுக்கும் கோர முடியாது. அவர் அதைத் தன் கம்பனியின் வரிக்குரிய இலாபத்தில் கழித்துக்கொள்வார். அதே டின்னரில் ஒருவர் டிக்கெட்டுக்கு மேலாக உறையில் 200 பவுண் தந்து படிவமும் நிரப்பினால், அந்த 200க்குக் கோரலாம். ஆகவே மண்டபத்து மேசையில் டிக்கெட் காசுக்கு ஒரு பெட்டி, நன்கொடை உறைக்கு இன்னொரு பெட்டி. கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

46,000இல் தனியாட்கள் கொடுத்து, வரியும் கட்டுபவர்களின் பங்கு 30,000 என்று வைத்தால், வருவது 7,500. திட்டத்தில் அதைத்தான் எழுத வேண்டும்.

சல்லிக்கல்

உண்டியல் பற்றி நான் சொல்கிறேன், ஊரில் கட்டட வேலை பார்ப்பவன் என்ற முறையில். உண்டியல் காசு வந்தால் கட்டடம் எழும்பும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஊரில் யாரோ ஒருவர் பையில் கொண்டுவந்து தந்த காசை எந்தப் பெயரில் வரவு வைப்பது? பாடசாலை அபிவிருத்திச் சங்கப் புத்தகத்தில் அதற்கு இடமே இல்லை. கணக்காய்வில் முதலில் மாட்டுவது அதிபர். லண்டன்காரர் இல்லை.

கணக்குப்புத்தகம்

லண்டன்காரரும் மாட்டுவார். வெளிநாட்டுக்கு அனுப்பிய காசு தொண்டு நோக்கத்துக்கே போனது என்று உறுதிசெய்ய நியாயமான நடவடிக்கை எடுத்தோம் என்பதைப் பொறுப்பாளர்கள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தத் தொகை தொண்டுச் செலவாக ஏற்கப்படாது, அதே அளவுக்கு வரிச்சலுகை பறிபோகும். தொகை பெரிதானால் எதிர்பார்க்கும் ஆதாரமும் பெரிதாகும். உண்டியலில் ஆதாரம் என்று இருப்பது ஒரு தொலைபேசி அழைப்பு.

வங்கியால் அனுப்பும்போது மூன்று விஷயம். இலங்கைக்கு ஐபான் எண் கிடையாது. சுவிஃப்ட் குறியீடு, கிளைக் குறியீடு, கணக்கு இலக்கம் மூன்றும் வேண்டும். கணக்கின் பெயரை வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பாடசாலையின் பெயரை நீங்கள் ஒரு விதமாகவும் வங்கி இன்னொரு விதமாகவும் எழுதியிருந்தால் காசு நடுவில் நிற்கும், அல்லது கட்டணம் கழித்துத் திரும்பி வரும். மூன்றாவது, எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது என்று தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் இடையில் உள்ள வங்கி கொஞ்சத்தைக் கழித்துவிடும், நீங்கள் 20,000 என்று அறிக்கையில் எழுத ஊரில் 19,970 என்று நிற்கும். முப்பது பவுணுக்காக ஆறு மாதம் சண்டை நடக்கும்.

முதலில் 100 பவுண் அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். பெரிய தொகை அனுப்பப் போவதை உங்கள் வங்கிக்கும் முன்கூட்டியே ஒப்பந்தப் பிரதியோடு சொல்லி வையுங்கள். ஒரு நாளும் வெளிநாடு அனுப்பாத கணக்கிலிருந்து திடீரென்று 20,000 இலங்கைக்குப் போனால் வங்கி நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும்.

பனிக்காடு

நாங்கள் ரொறன்ரோவில் இருபது பேர் இதே மாதிரி எங்கள் பள்ளிக்குச் சேர்க்கிறோம். லண்டன் சங்கம் பதிந்துவிட்டால் நாங்களும் காசை அங்கே அனுப்பி, அவர்களின் பற்றுச்சீட்டை எங்கள் வரிக்குப் போடலாம்தானே?

கணக்குப்புத்தகம்

முடியாது. கனடாவில் வரிக் கழிவுப் பற்றுச்சீட்டை அங்கே பதிந்த தொண்டு நிறுவனம்தான் தர முடியும். லண்டன் பற்றுச்சீட்டுக்கு அங்கே பெறுமதி இல்லை. லண்டனிலும் உங்கள் காசுக்குக் கிஃப்ட் எய்ட் வராது, நீங்கள் இங்கே வரி கட்டுவதில்லை. கனடாவில் ஏற்கெனவே பதிந்த ஒரு தொண்டு நிறுவனம் உங்கள் வேலையைத் தன் திட்டமாக எடுத்து நடத்துமா என்று பாருங்கள். 2022இல் அங்கே சட்டம் மாறியதால், பதியாத வெளிநாட்டு அமைப்புக்கும் நிபந்தனைகளோடு மானியம் கொடுக்கலாம். ஆனால் வெறும் காசு கடத்தும் குழாயாக இருக்க அவர்கள் சம்மதிக்கக் கூடாது, சம்மதித்தால் அவர்களின் பதிவுக்கே ஆபத்து.

மணிக்கூட்டடி

ஊரில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் ஒருவரின் பக்கத்தையும் கேளுங்கள். யாருடைய பெயருக்கு அனுப்புவது என்ற கேள்விக்கு விடை: தனியாள் ஒருவருக்கும் வேண்டாம், அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு. அதிபர் பதவி வழித் தலைவர். இந்தக் கட்டடத்துக்கென்று வேறாக ஒரு கணக்குத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். இருக்கிற கணக்கில் போட்டால் விளையாட்டுப் போட்டிக் காசும் கட்டடக் காசும் ஒன்றாகும். பிறகு ஒருவர் களவெடுக்காமலே கணக்குப் பிழைக்கும்.

நீங்கள் யோசிக்காத சிக்கல் அதிபரின் இடமாற்றம். வேலை பாதியில் நிற்க அதிபர் மாறினால் வங்கியில் கையெழுத்து மாற்ற வேண்டும். அதற்குக் கூட்டம், தீர்மானம், வலயக் கல்வி அலுவலகத்தின் கடிதம் என்று வாரக்கணக்கில் போகும். மேசனுக்குக் கூலி இல்லை, வேலை நிற்கும். ஆகவே உடன்படிக்கையை ஆளின் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள், வலயக் கல்விப் பணிப்பாளரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். இடமாற்றங்கள் பெரும்பாலும் ஆண்டு இறுதியை ஒட்டி வரும். அந்த நேரத்தில் பெரிய கொடுப்பனவு எதையும் வைக்காதீர்கள்.

அனுமதி இல்லாமல் அத்திவாரக் கல் வைக்க வேண்டாம். மாகாணப் பாடசாலைக் காணியில் எழும்பும் கட்டடம் அரசின் சொத்து. மாகாணக் கல்வித் திணைக்களம் வரைபடத்தை ஏற்க வேண்டும், பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும். லண்டனில் இருந்து விமானச்சீட்டு எடுத்துவிட்டு, 'இருபதாம் திகதி கல் வைக்க வேண்டும்' என்று கேட்கிறார்கள். விழா நடக்கும், அனுமதி வராது, கல் மட்டும் அங்கே நிற்கும்.

சல்லிக்கல்

கட்டங்களாகப் பிரிப்பது பற்றி. நாலு கோடியை இப்படிப் பிரிக்கலாம். அத்திவாரம் முடிந்து நிலமட்ட வளை வரை 20 வீதம். கீழ்த்தளத் தூணும் முதல் மாடிக் கொங்கிறீற் பிளேற்றும் 30. மேல்தளச் சுவரும் கூரையும் 20. பூச்சு, கதவு, யன்னல், மின்சாரம், நிலம் 25. மிச்சம் 5 வீதத்தைக் கட்டடம் கையளித்து ஒரு வருடம் கழியும் வரை பிடித்து வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு மாரி கடந்தால்தான் கூரை ஒழுகுமா, சுவர் ஈரம் உறிஞ்சுமா என்பது தெரியும். அந்தப் பிடிகாசு இல்லாமல் ஒப்பந்தகாரரைத் திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள், தொலைபேசியே எடுக்கமாட்டார்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் காசை எப்போது விடுவது? 'பிளேற் போடப் போறம், காசு அனுப்புங்கோ' என்பதை வைத்து அனுப்பக் கூடாது. சுயாதீனமான பொறியியலாளர் ஒருவர், ஒப்பந்தகாரரின் ஆள் அல்லாதவர், முடிந்த வேலையை அளந்து கையெழுத்திட்ட பட்டியல் வந்தபின் அனுப்ப வேண்டும். அவருடைய சம்பளத்தையும் திட்டத்தில் சேருங்கள். அதை மிச்சம் பிடிப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் சிக்கனம், கடைசியில் அதுதான் மிகவும் செலவு வைக்கும்.

படம் பற்றி ஒன்று. கொங்கிறீற் போட்டபின் எடுக்கும் படத்தால் பிரயோசனம் இல்லை. சாம்பல் நிறத் தூணுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போடுவதற்கு முதல் நாள், கம்பி கட்டி முடிந்த நிலையில், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்: கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம், பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் விடும் இடைவெளி. கடற்கரைப் பக்கத்து ஊரென்றால் அந்த இடைவெளி குறைந்தாலே சில வருடத்தில் கம்பி கறள்பிடித்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். கிணற்றுத் தண்ணீர் உவரா என்றும் கேளுங்கள். உவரென்றால் கொங்கிறீற்றுக்கு நல்ல தண்ணீர் பவுசரில் வர வேண்டும், அது விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளேற் போடும் நாளில் 150 மில்லிமீற்றர் கனக்கட்டிகள் வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்த்த அறிக்கையையும் கேட்கலாம். ஒக்ரோபரில் மழை தொடங்கும், அதற்கு முன் பிளேற் முடிய வேண்டும். ஆகவே அத்திவாரத்தை மாசி பங்குனியில் தொடங்குவது நல்லது.

பூவரசு

அப்ப காசை இப்பவே ரூபாவா மாத்தி ஊரில நிலையான வைப்பில போட்டால் என்ன? வட்டி இஞ்சத்தையை விட எவ்வளவோ கூட.

கணக்குப்புத்தகம்

2022ஐ மறந்துவிட்டீர்கள். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது, மே மாதத்தில் 360க்குப் போய்விட்டது. முன்னதாக மாற்றி ரூபாவில் வைத்தவர்களின் காசு இரண்டு மூன்று மாதத்தில் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. எந்த வட்டியும் அதை ஈடுசெய்யாது. சீமெந்தும் கம்பியும் இறக்குமதியோடு கட்டுண்டவை, அவையும் கூடவே ஏறின. பவுணிலேயே வைத்திருந்து, கட்டம் முடிய முடிய மாற்றுவதுதான் என் பக்கம்.

சல்லிக்கல்

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒப்பந்தம் ரூபாவில், விலை நிலையாகக் கைச்சாத்தானது என்று வையுங்கள். பிறகு ரூபா வலுத்தால் உங்கள் பவுண் போதாமல் போகும். 2023இல் ரூபா கொஞ்சம் வலுத்தது, பொருள் விலை அதே வேகத்தில் இறங்கவில்லை. அடுத்த ஒரு கட்டத்துக்கான காசையாவது ரூபாவில் வைத்திருப்பது நல்லது.

கணக்குப்புத்தகம்

ஒரு கட்டத்துக்கு என்றால் சரி. அதற்கு மேல் வைப்பது நாணயச் சூதாட்டம், பொறுப்பாளர்களுக்கு அந்த உரிமை இல்லை என்பது என் கருத்து. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

ஐந்நூறு பவுண்

குடுக்கிற ஆளின்ர பக்கத்தில இருந்து ஒண்டு. அறிக்கை எண்டு வாறது எப்பவும் மாலை போட்ட படமும் நன்றியுரையும்தான். எனக்கு வேண்டியது ஒரு பக்கம். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு அனுப்பினது, எந்தத் திகதி, அண்டைக்கு விகிதம் என்ன, ஊரில எவ்வளவு வரவானது, எவ்வளவு செலவானது, மிச்சம் எங்க கிடக்கு. பவுணிலும் ரூபாவிலும் பக்கத்துப் பக்கத்தில. இன்னொண்டு, ஆர் எவ்வளவு குடுத்தவை எண்ட பட்டியலையும் எல்லாருக்கும் போட வேணும்.

கணக்குப்புத்தகம்

முதலாவது கோரிக்கை நூற்றுக்கு நூறு சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலை நடக்காவிட்டாலும் வர வேண்டும்; 'இந்தக் காலாண்டில் அனுமதி கிடைக்கவில்லை, ஒன்றும் செலவாகவில்லை' என்பதும் அறிக்கைதான். உதாரணமாக முதல் கட்டம் 20,000 பவுண் போனால், வங்கியின் அனுப்பல் சீட்டு, ஊர் வங்கியின் வரவு அறிவித்தல், பொறியியலாளரின் பட்டியல், ஒப்பந்தகாரரின் பற்றுச்சீட்டு ஆகிய நாலும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் இரண்டாம் கட்டம் போகாது என்று கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். ஒரே இடத்தில், ஒரே திசையில் நின்று எடுத்த படம் ஒவ்வொரு அறிக்கையிலும் இருந்தால் வேலை எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

இரண்டாவது முடியாது. இங்கே தனிநபர் தரவுச் சட்டம் உண்டு; சம்மதித்தவர்களின் பெயரை மட்டும் போடலாம். தொகையைப் போடாமல் விடுவதே நல்லது. ஐம்பது பவுண் கொடுத்தவர் அடுத்த முறை ஒளித்துக்கொள்வார்.

ஐந்நூறு பவுண்

போடாட்டில் பெரிசாச் சொன்னவை குடுக்காமலே தப்பிவிடுவினம். அதுக்கு என்ன வழி?

கணக்குப்புத்தகம்

நல்ல வழி என்னிடம் இல்லை. சொன்ன தொகை, வந்த தொகை இரண்டையும் மொத்தமாக மட்டும் அறிக்கையில் போடலாம்: '46,000 சொல்லப்பட்டது, 31,000 வந்தது' என்று. மாதாந்த வங்கிக் கட்டளை வாங்குவது வாய்ச்சொல்லை விட மேல். 1,000 பவுண் சொன்னவரிடம் மாதம் 40 பவுணாக 25 மாதம் கேளுங்கள்.

வடலிக்காணி

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஒரு இலட்சம் வராமல் அறுபதாயிரத்தோடு நின்றால்? இருமாடிக்கு அத்திவாரம் போட்டுவிட்டு, கீழ்த்தளத்தை மட்டும் முடித்து, மேலே கம்பியை நீட்டி விடலாமா?

சல்லிக்கல்

விடலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். என் பிரிப்பின்படி முதல் இரண்டு கட்டமும் 50,000. மிச்சம் பத்தாயிரத்தில் கீழ்த்தளத்துக் கதவு, யன்னல், பூச்சு, மின்சாரம் முடியுமா என்பது இறுக்கம்தான். முடியாவிட்டால் கூரையாகப் பிளேற் இருக்கும், பிள்ளைகள் உள்ளே இருக்க முடியாது. முதல் மாடிப் பிளேற்றே மழைக்குக் கூரையாக நிற்கப் போவதென்றால் அதற்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் வாட்டமும் வேண்டும். அதை முதல் விலைப்பட்டியலிலேயே தனி உருப்படியாக வையுங்கள். நீட்டி விடும் கம்பிகளைத் திறந்தபடி விடாமல், மெலிந்த கொங்கிறீற்றால் மூடி விடுங்கள். எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து வந்து மேல்தூணை அந்தக் கம்பியில் இணைக்கப் போனால், அது பாதி மெலிந்திருக்கும்.

கணக்குப்புத்தகம்

காசுப் பக்கத்தில் இதற்கு மருந்து வேண்டுகோள் கடிதத்தில்தான் இருக்கிறது. 'கட்டடத்துக்கு' என்று மட்டும் எழுதிச் சேர்த்தால் அது கட்டடத்துக்கே கட்டுப்பட்ட காசு. திட்டம் நின்றால் ஒவ்வொருவரையும் தேடி, திருப்பித் தரவா என்று கேட்க வேண்டி வரும். இங்கே 2022இல் வந்த தொண்டுகள் சட்டத்தால் ஒரு நிதியாண்டில் 120 பவுணும் அதற்குக் குறைவாகவும் தந்தவர்களைப் பொறுத்தவரை இது இலகுவாகியிருக்கிறது. உங்களிடம் பெரும்பாலும் 500, 1,000 தந்தவர்கள். ஆகவே முதல் வேண்டுகோள் கடிதத்திலேயே இப்படி எழுதுங்கள்: 'இலக்கு எட்டாவிட்டாலோ, காசு மிஞ்சினாலோ, அதே பாடசாலையின் வகுப்பறைத் திருத்தத்துக்கும் தளபாடத்துக்கும் பொறுப்பாளர்கள் பயன்படுத்துவர்.' ஏற்கெனவே தந்த 11,000 இந்த வசனம் இல்லாமல் வந்தது. திருப்பிக் கொடுத்து மீண்டும் வாங்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

மணிக்கூட்டடி

அதே வசனம் அதிபரோடு செய்யும் உடன்படிக்கையிலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் மிஞ்சும் காசுக்கு நாங்கள் ஒரு திட்டம் வைத்திருப்போம், நீங்கள் ஒரு திட்டம் வைத்திருப்பீர்கள்.